எட்டுக்கு இரண்டு

எட்டு மதிப்பெண் கட்டுரைக்கு இரண்டு போட்ட அந்தக் கையை முதலில் கும்பிட்டுக்கொள்கிறேன். பூஜ்யம் போட்டிருக்கலாம், போடவில்லை. பெரிய மனசு. நாலு வரிக்குள் பதினேழு வட்டம் போட்டிருக்கிறது அந்தக் கை. ஒவ்வொரு வட்டமும் காம்பஸ் வைத்துப் போட்டது மாதிரி அத்தனை உருண்டை. கடைசியில் அடிக்கோடிட்டு, ‘எழுத்துப்பிழை தவிர்’ என்று ஓர் அறிவுரை. கால் இல்லாதவனைப் பார்த்து ‘நொண்டுவதைத் தவிர்’ என்று சொல்வதற்கும் ஒரு தைரியம் வேண்டும்தானே?

தாள் பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வுத் தாள். கீழப்பாவூர் வட்டாரம். எந்தப் பள்ளி, யார் பையன் என்று கேட்காதீர்கள். அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். தவிர, பாவூர்சத்திரத்திலிருந்து பஸ் போகிற எந்தத் திசையில் இறங்கினாலும் இந்தத் தாள் கிடைக்கும். கட்டுரைத் தலைப்பு, ‘எங்கள் ஊர் நீர்நிலை’. பையன் எழுதியதிலிருந்து நாலு வரி, எழுதியது எழுதியபடி:

‘குளததை தொண்டினால் மடடும தன்னீர் வராது. கல்வாய் அடைதது கிடககு. மடைகு கிழ தொண்டினால் அந்த தன்னிர் வயலுகு ஏராது. குளம ரெம்பும வயல காயும.’

சிரிப்பு வருகிறதா? கால்வாய்க்கே கால் இல்லை என்று ஆசிரியர்கள் அறையில் ஒரு ஜோக்கும் பிறந்திருக்கிறது. சிரித்து முடித்துவிட்டு, வாய்விட்டு ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் குப்பை. காதால் கேட்டால் ஒரு பொதுப்பணித்துறைப் பொறியாளர் பேசுகிற மாதிரி இருக்கும்.

பையன் சொல்வது இதுதான். குளத்தைத் தூர்வாருகிறோம் என்று ஜேசிபியை இறக்கி ஆழமாகத் தோண்டிவிட்டால் மட்டும் ஆகாது. சிற்றாற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிற கால்வாய் புதர் மண்டிக் கிடந்தால் தோண்டிய பள்ளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? அப்படியே மழையில் ரொம்பினாலும், மடையின் வாய்மட்டத்துக்குக் கீழே நிற்கிற தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. மோட்டார் வைத்து இறைத்தால்தான் உண்டு. மாடு குளிக்கும், மீன் வளரும், நிலத்தடி நீர் கொஞ்சம் ஊறும். ஆனால் குளத்துப் பாசனம் என்று நம்பி நாற்று நட்டவனுக்கு அது கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டாத தண்ணீர். தோண்டியது தண்ணீருக்கா மண்ணுக்கா என்று அடுத்த வரியில் ஒரு கேள்வியும் வைத்திருக்கிறான். அந்த வரியில் வட்டங்கள் நெருக்கமாக இருப்பதால் கேள்விக்குறி தெரியவில்லை.

இந்த ஞானம் பாடப்புத்தகத்தில் இல்லை, நோட்ஸில் இல்லை. மடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். இதற்கு இரண்டு.

அதே கட்டில் ஏழு வாங்கிய கட்டுரையும் இருக்கிறது. முன்னுரையில் வள்ளுவர், முடிவுரையில் பாரதி, நடுவில் ‘நீர் இன்றியமையாதது, நீரைச் சேமிப்போம், நெகிழியைத் தவிர்ப்போம்’. குறிப்புச்சட்டகம் உண்டு. உள்தலைப்புக்கு நீல மை, அடிக்கோடு. ‘எங்கள் ஊர்’ என்று தலைப்பு கேட்கிறது. கட்டுரையில் ஊர் இல்லை, குளத்தின் பெயர்கூட இல்லை. அந்தக் கட்டுரையை அப்படியே தூக்கிக் கும்பகோணத்தில் வைத்தாலும் ஏழு, கூடலூரில் வைத்தாலும் ஏழு. அந்தக் கட்டில் இன்னும் பாதிப் பேருக்கு மேல் அதே நோட்ஸை அதே வரிசையில் எழுதி ஏழு வாங்கியிருக்கிறார்கள். யோசிக்காதவன் பிழை விடுவதில்லை. மனப்பாடத்துக்கு எழுத்துப்பிழை வராது, ஜெராக்ஸ் மெஷினுக்கு வருமா?

இப்போது அந்தப் பதினேழு வட்டத்துக்கு வருவோம். எண்ணியது நாம்தானே, பிரித்தும் பார்ப்போம். பதினேழில் எட்டு, புள்ளி விட்டுப்போனது: குளததை, மடடும, அடைதது, கிடககு, குளம, ரெம்பும, வயல, காயும. இரண்டு, ‘க்கு’ வரவேண்டிய இடத்தில் ‘கு’. இரண்டு, இரட்டைக்கொம்புக்குப் பதில் ஒற்றைக்கொம்பு, அதுவும் ஒரே சொல் இரண்டு தடவை. மிச்சத்தில் ண-ன, ற-ர குழப்பமும், காலும் நெடிலும் விட்டுப்போனதும். ஆக, பதினேழு குற்றம் இல்லை. நாலைந்து குற்றம், திரும்பத் திரும்ப. திருடன் ஒருவன்தான், எஃப்.ஐ.ஆர். மட்டும் பதினேழு.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. இந்தப் பையன் ஓர் இருநூற்று ஐம்பது வருடம் முன்னால் பிறந்து ஓலையில் எழுதியிருந்தால் இந்தப் பதினேழில் பத்து பிழையே இல்லை. ஓலைச்சுவடியில் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணி அழுத்தினால் ஓலை கிழியும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். அதைப் பிரித்து இரட்டைக்கொம்பு போட்டுக் காட்டியது 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர், இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார். அதற்கு முன்னால் எழுதின சுவடிகளில் ‘தொண்டி’ என்று இருந்தால் அது துறைமுகமா, தோண்டுவதா என்று இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். புரிந்துகொண்டார்கள். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது அவர் கையில் இருந்தவை இப்படிப் புள்ளியில்லாத, கொம்பு பிரியாத, பிரதி எடுத்தவர் கைபோன போக்கில் எழுதிய சுவடிகள். அவர் சிவப்பு மை எடுக்கவில்லை. இன்னொரு சுவடி தேடி ஊர் ஊராகப் போனார். பழைய பிரதிகளில் சொல் மாறி வந்தால் அதற்குப் பாடபேதம் என்று மரியாதையான பெயர் வைத்து அடிக்குறிப்பில் உட்கார வைக்கிறோம். பையன் தாளில் வந்தால் வட்டம்.

அவர் சுவடி தேடி வந்த இடங்களில் ஒன்று இன்றைய தென்காசி மாவட்டத்துக் கரிவலம்வந்தநல்லூர். கோயிலில் இருந்த பழைய ஏடுகள் எங்கே என்று கேட்டார். சிதைந்த ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இடவேண்டும் என்று சாஸ்திரம் சொல்கிறதாம், அப்படியே செய்துவிட்டோம் என்று பதில் வந்தது. விதி மீறப்படவில்லை, பாருங்கள். எல்லாம் விதிப்படிதான் நடந்தது. எரித்தவருக்கு மனசாட்சி உறுத்தியிருக்காது, நெய் கூடச் செலவழித்திருக்கிறார்களே! மாவட்டத்துக்கு இது பரம்பரைச் சொத்து. நெய்க்குப் பதில் இப்போது சிவப்பு மை, அவ்வளவுதான்.

‘எழுத்தில் சலுகை கொடுத்தால் தமிழ் அழிந்துவிடும்’ என்பவர்களுக்கு இன்னொரு தகவல். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் ஆணை போட்டது. யானைத் துதிக்கை மாதிரி கொம்பு சுழித்து எழுதிய லை, னை, ணை போன்ற எழுத்துகளும், வளைத்து எழுதிய ணா, றா, னாவும் மற்ற எழுத்துகளின் வரிசைக்கு வந்தன. பெரியார் 1935இலிருந்து ‘குடி அரசு’வில் எழுதிக்கொண்டிருந்த வடிவம் அது. அந்த வடிவத்தில் 1977இல் பரீட்சை எழுதிய பையன் பிழை விட்டவன். 1979இல் பழைய வடிவத்தில் எழுதியவன் காலத்துக்கு ஒவ்வாதவன். நடுவில் தமிழ் அழிந்ததா? ஒரு கையெழுத்தில் பிழை சரியாகவும் சரி பிழையாகவும் மாறியது. அந்த ஆணையை வரவேற்றவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்குக் ‘குளம’வைப் பார்த்துக் குமுறுகிறார்கள்.

சரி, பிழை என்றால் எல்லாப் பிழையும் ஒன்றா? இந்தப் பக்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு ழகரம் நாக்கில் நிற்காது. பழம் பளம், கிழமை கிளமை, கீழப்பாவூரே கீளப்பாவூர். காதில் விழுகிறபடி எழுதுகிற பையன் ‘பளம்’ என்று எழுதுவான். ஒரு தடவை இல்லை, எல்லாத் தடவையும் அப்படித்தான் எழுதுவான். அது பேச்சு செய்த பிழை. சொல்லிக்கொடுத்தால் திருந்தும். நம்ம பையன் தாளில் அந்த ஒழுங்கு இல்லை. இரண்டாம் சொல்லில் ணகரத்துக்கும் லகரத்துக்கும் புள்ளி ஒழுங்காக இருக்கிறது. மூன்றாம் சொல்லில் ஒன்றுகூட இல்லை. முதல் வரியில் ‘தன்னீர்’, மூன்றாம் வரியில் ‘தன்னிர்’. கரும்பலகையைப் பார்த்து எழுதினாலே இப்படி மாறுகிறது என்றால், அதுவும் வருடக்கணக்கில் மாறாமல் இருக்கிறது என்றால், வாயால் கேட்டால் பதில் பளிச்சென்று வருகிறது என்றால், அங்கே சோம்பேறித்தனத்தைத் தாண்டி என்னவோ இருக்கிறது என்று ஓர் ஆசிரியருக்குப் படவேண்டும். தமிழில் இதற்கென்றே ஒரு பொறியும் உண்டு. ‘கே’ என்று சொல்லும்போது ககரம் முந்தி வருகிறது. எழுதும்போது கொம்பு முந்தி வருகிறது. காது ஒரு வரிசை சொல்ல, கை இன்னொரு வரிசையில் போகவேண்டும். நமக்கு அது பழகிவிட்டது. சில மூளைகளுக்கு ஒவ்வொரு தடவையும் அது புதுக் கணக்கு.

பட்டவுடனே ‘டிஸ்லெக்ஸியா’ என்று ஆசிரியர் முத்திரை குத்தவும் கூடாது. கண் சரியில்லாமல் இருக்கலாம், காது சரியில்லாமல் இருக்கலாம், ஒன்றாம் வகுப்பில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் இருக்கலாம். அதைச் சொல்லவேண்டியது டாக்டர் குழு. ஆசிரியர் செய்யவேண்டியது அனுப்பிவைப்பது. அனுப்பினார்களா?

அம்மா வந்தார். பீடி சுற்றுகிற கை, அன்றைக்கு இலை நனைத்து வைத்துவிட்டு ஓடிவந்தது.

‘ஸார், அவன் வாயால கேட்டுப் பாருங்க, எல்லாம் சொல்லுதான். எழுதச் சொன்னாத்தான் வரமாட்டேங்கு.’

‘எம்மா, பரிச்சைல வாயாலயா மார்க் போடுவாவ? வீட்ல உக்காத்தி வச்சு எழுத வைங்க. செல்ல புடுங்கி வைங்க.’

மருந்து கிடைத்துவிட்டது. நாட்டில் எந்த வியாதிக்கும் இப்போது ஒரே மருந்துதான், செல்போனைப் பிடுங்கி வைப்பது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் வந்தது. 1995 சட்டத்தில் இல்லாத கற்றல் குறைபாட்டை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. 16ஆம் பிரிவு, பள்ளிகள் இதைச் சீக்கிரமே கண்டுபிடிக்கவேண்டும் என்கிறது. 17ஆம் பிரிவு, தேர்வுமுறையை இவர்களுக்கு ஏற்றபடி மாற்றச் சொல்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்கு எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதல் இன்னும் தெளிவு: மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயது, எது முந்தியோ அப்போதே பள்ளியில் முதற்கட்டச் சோதனை நடக்கவேண்டும். எட்டு வயதுக்குமேல் சான்றிதழ். பதினாலில் மறுபடி. பதினெட்டில் மறுபடி. அதற்கப்புறம்தான் ஆயுளுக்கும் செல்லும். குழந்தை வளர வளரக் குறை கூடலாம் குறையலாம் என்பதற்கு ஒரு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாவூர்சத்திரத்தில் பஸ் ஏறுகிறவளுக்கு அதன் அர்த்தம் வேறு. தென்காசிக்கு ஒரு நாள், ‘இங்க அந்த டாக்டர் இல்லம்மா’ என்றால் திருநெல்வேலிக்கு ஒரு நாள், ‘இன்னிக்கு முகாம் இல்ல’ என்றால் இன்னொரு நாள். ஒவ்வொரு நாளும் ஒரு நாள் பீடிக் கூலி. மகனுடைய மூளை இன்னும் அதே மூளைதானா என்று அரசாங்கத்துக்கு நிரூபிக்க அவள் மூன்று முறை இந்த யாத்திரை போகவேண்டும். பையனுக்கு வயது பதினைந்து. மூன்றாம் வகுப்புச் சோதனை நடந்ததா என்று கேட்டால், அப்போதைய டீச்சர் மாறுதலில் போய்விட்டார்கள்.

சோதிப்பதற்குக் கருவி? மானேசரில் இருக்கிற தேசிய மூளை ஆராய்ச்சி மையம், இந்திய மொழிகளில் டிஸ்லெக்ஸியாவைக் கண்டறிய ‘டாலி’ என்று ஒரு சோதனைத் தொகுப்பை 2015இல் கொண்டுவந்தது. முதலில் வந்த மொழிகள் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம். 2004இல் செம்மொழிப் பட்டம் வாங்கிய மொழி அந்த முதல் பந்தியில் இல்லை. நமக்கு மாநாடு முக்கியம், தோரணம் முக்கியம். ஒரு எட்டு வயசுப் பிள்ளை ஏன் ‘குளம’ என்று எழுதுகிறது என்பதா செம்மொழியின் கவலை?

இப்போது ஒரு சின்னத் தர்க்கம். இந்தப் பையனுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர் ஒருவரைத் தருவார்கள். பையன் வாயால் அதே நாலு வரியைச் சொல்வான். எழுதுபவர் ‘குளத்தைத் தோண்டினால் மட்டும் தண்ணீர் வராது’ என்று எழுதுவார். பதினேழு வட்டமும் மாயம்! ஆறோ ஏழோ கிடைக்கும். அதே தலை, அதே குளம், அதே மடை. அப்படியானால் காலாண்டில் நாம் கொடுத்த இரண்டு எதற்கு? கருத்துக்கு இல்லை, கருத்து மாறவில்லை. எழுத்துக்கு என்றால், எட்டில் ஆறு மதிப்பெண் எழுத்துக்கு என்று எந்த விடைக்குறிப்பில் இருக்கிறது? எழுதுபவரைக் கொடுக்கச் சட்டம் சம்மதித்த அன்றைக்கே, இவனிடம் சோதிக்கவேண்டியது கையை இல்லை என்று ஒத்துக்கொண்டாகிவிட்டது. சான்றிதழ் வருகிற தேதிக்கு முந்தைய நாள் வரை அவன் முட்டாள், மறுநாளிலிருந்து சிந்தனையாளர் என்பது விசித்திரமான மருத்துவம்.

இந்தச் சான்றிதழ்ப் பூதத்தை உச்ச நீதிமன்றம் ஒருமுறை நன்றாக உலுக்கியது. விகாஷ் குமார் என்பவருக்கு எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும், டிஸ்கிராஃபியா. சிவில் சர்வீஸ் தேர்வுக்கு எழுதுபவர் கேட்டார். நாற்பது சதவீதம் ஊனம் இருந்தால்தான் என்கிற வரம்பைக் காட்டித் தேர்வாணையம் கைவிரித்தது. 2021 பிப்ரவரி 11 அன்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, அந்த நாற்பது சதவீத வரம்பு இட ஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான், எழுதுபவரைக் கேட்பதற்கு இல்லை என்று சொன்னது. அதே வருடம் நவம்பரில் அவ்னி பிரகாஷ் வழக்கு. டிஸ்கிராஃபியா உள்ள மாணவிக்கு நீட் தேர்வில் சேரவேண்டிய கூடுதல் ஒரு மணி நேரத்தைத் தேர்வு மையத்தில் தரவில்லை. தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். தவறு உங்களுடையதுதான் என்று தேசியத் தேர்வு முகமையிடம் சொன்ன நீதிமன்றம், மறுதேர்வு மட்டும் நடத்தச் சொல்லவில்லை. பரிகாரத்தை நீங்களே யோசியுங்கள் என்றது. டெல்லி வரை போய் ஜெயித்தவருக்கே இவ்வளவுதான். கீழப்பாவூர்ப் பையன் எந்த பஸ்ஸில் ஏறுவது?

எனவே அந்தத் தாளை நானே திருத்துகிறேன். அரசாணை எதுவும் இல்லை, பங்கு பிரித்தது என் இஷ்டம். பிடிக்கவில்லை என்றால் நீங்கள் வேறு மாதிரிப் பிரியுங்கள், ஆனால் பிரியுங்கள். எட்டில் கருத்துக்கு 5, கட்டுரை அமைப்புக்கு 1, வாக்கியத்துக்கும் சொல்லாட்சிக்கும் 1, எழுத்துக்கு 1.

முதல் வாசிப்பில் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன். வாய்க்குள் முணுமுணுத்து வாசிக்கிறேன். அப்போதுதான் ‘கல்வாய்’ கால்வாயாகக் காதில் விழும். கருத்து: தூர்வாருவதைப் பற்றி எல்லோரும் சொல்வதை மறுத்திருக்கிறான், காரணம் சொல்லியிருக்கிறான், அந்தக் காரணம் சரி. தோண்டிய மண் எங்கே போனது என்று கேட்டவன் அதை மேலே கொண்டுபோகவில்லை. கால்வாயை யார் சுத்தம் செய்யவேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் ஐந்தில் நாலரை. அரை குறைவது எழுத்துக்காக இல்லை, விட்டுப்போன விஷயத்துக்காக. அமைப்பு: முன்னுரை இருக்கிறது, முடிவுரை இல்லை, பாதியில் நிற்கிறது. அரை. வாக்கியம்: ‘குளம் ரெம்பும், வயல் காயும்’ என்று நாலே சொல்லில் மொத்த வாதத்தையும் கட்டியிருக்கிறான். ‘ரெம்பும்’ நெல்லைப் பேச்சு, பிழை இல்லை. ஒன்றுக்கு ஒன்று. எழுத்து: பூஜ்யம். கூச்சப்படாமல் பூஜ்யம். கூட்டினால் ஆறு.

ஏழு வாங்கிய தாளையும் இதே கோலால் அளக்கிறேன். கருத்துக்கு இரண்டு, அதுவும் அடிக்கோட்டுக்கு மரியாதை வைத்து. அமைப்பு ஒன்று, வாக்கியம் ஒன்று, எழுத்து ஒன்று. ஐந்து. அந்தப் பிள்ளையின் எழுத்துக்கு உரிய ஒன்றை நான் தொடவில்லை. ‘பிழையில்லாமல் எழுதுகிறவனுக்கு அநியாயம்’ என்று கத்துகிறவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது. அவன் மதிப்பெண்ணைக் குறைத்தது இவனுக்குக் கொடுத்த சலுகையா, கட்டுரையில் ஊரே இல்லாததா?

இந்த ஆறில் இரக்கம் கால் மதிப்பெண்கூட இல்லை. ‘பாவம், அவனுக்குப் பிரச்சினை’ என்று எட்டு போடுகிற இன்னொரு வகை வாத்தியாரும் உண்டு. வாசிக்காமல் இரண்டு போடுகிறவரும் வாசிக்காமல் எட்டு போடுகிறவரும் ஒரே பெஞ்சு. இரண்டு பேரும் அந்தக் குளத்துக்குள் இறங்கவில்லை. எட்டு வாங்கினால், மண் எங்கே போனது என்கிற கேள்வியை அவன் ஏன் பாதியில் விட்டான் என்று யாரும் அவனைக் கேட்கமாட்டார்கள். அவனை யோசிக்கத் தெரிந்தவனாக மதிக்கிறவர் அந்த அரையைக் குறைத்துத்தான் ஆகவேண்டும்.

இதற்கு எல்லை உண்டு. ‘அரம், அறம்’ மாதிரி எழுத்து மாறினால் பொருளே மாறுகிற இடத்தில் முன்பின் வரியைப் பார்த்துப் புரிந்தால் சரி. எப்படிப் பார்த்தாலும் இரண்டு அர்த்தம் வருகிறது என்றால் அந்தக் கருத்து வந்து சேரவில்லை, அதற்கு மதிப்பெண் கிடையாது. வகுப்புத் தேர்வு என்றால் கூப்பிட்டு ‘ஏல, இது என்னது?’ என்று கேட்டுவிடலாம், ஒரு நிமிஷ வேலை. பொதுத்தேர்வில் கேட்க முடியாது. பிழை நீக்கி எழுதச் சொல்கிற வினா வந்தால் அங்கே சோதிப்பதே எழுத்துதான். எழுத்துக்கு அங்கே சலுகை கொடுத்தால் கேள்வியே காணாமல் போய்விடும். அறிவியலிலும் சமூக அறிவியலிலும் கதை நேர்மாறு. ‘ஒளிசேர்கை’ என்று எழுதியவனுக்கு இலை என்ன செய்கிறது என்று தெரிந்தால் முழு மதிப்பெண். அங்கே வட்டம் போடுகிறவர் தமிழாசிரியர் வேலையைச் சம்பளமில்லாமல் பார்க்கிறார்.

வட்டம் எத்தனை போடலாம்? நான் இரண்டு போடுவேன். ஒன்று புள்ளிக்கு, ஒன்று ‘க்கு’வுக்கு. பக்கத்தில் சரியான சொல்லை எழுதிக் கொடுப்பேன். பத்துப் பிழையைப் பிடித்துக்கொண்டிருப்பவை அந்த இரண்டும்தான். பதினேழு வட்டத்தைப் பார்த்த பையன் எதைத் திருத்துவான்? அடுத்த பரீட்சையில் எழுதுவதைக் குறைப்பான். அதுதான் நடக்கவும் நடந்தது. அரையாண்டில் அவன் கட்டுரை ஐந்தே வரி. தெரிந்த சொற்களாகப் பார்த்து எழுதியிருக்கிறான்: ‘நீர் நமக்கு தேவை. மரம் நடுவோம்.’ வட்டம் மூன்றுதான். ‘முன்னேற்றம் தெரிகிறது’ என்று அடியில் எழுதி மூன்று மதிப்பெண். மடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு மதிப்பெண் கூடியிருக்கிறது, ஒரு மூளை மூடியிருக்கிறது. பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டுக்கு லாபம்.

‘இதெல்லாம் ஸ்கூல் பரிச்சைக்குச் சரி ஸார், பப்ளிக்ல என்ன செய்ய?’ என்கிறார்கள். நியாயமான கேள்வி. பத்தாம் வகுப்புத் தமிழ்த்தாள் நூறு மதிப்பெண். கடைசிப் பகுதியில் எட்டு மதிப்பெண் நெடுவினா மூன்று, மொத்தம் 24. மதிப்பீட்டு முகாமுக்கு வருகிற விடைத்தாளில் பெயர் இருக்காது, முகப்புத்தாளைப் பிரித்திருப்பார்கள். திருத்துகிற உதவித் தேர்வாளருக்கு எழுதியது யார், குற்றாலத்துக் கான்வெண்ட்டா கீழப்பாவூர் பீடிக்காரம்மா மகனா, எழுத்தில் குறை உள்ளவனா, அசட்டையா எதுவும் தெரியாது. தெரியவும் கூடாது. அதனால்தான் சொல்கிறேன், ‘இவனுக்கு மட்டும் சலுகை’ என்று ஆளைப் பார்த்து நியாயம் செய்யும் வேலை அங்கே நடக்காது. எல்லோருக்கும் பொதுவான விடைக்குறிப்பிலேயே எழுத்துக்கு எவ்வளவு என்று வேலி போட்டுவிட வேண்டும். நெடுவினாவில் எழுத்துப்பிழைக்காக இவ்வளவுக்கு மேல் குறைக்கக்கூடாது, ஒரே பிழை திரும்ப வந்தால் ஒரு தடவைதான் கணக்கு என்று இரண்டு வரி. சான்றிதழ் வாங்கியவனுக்கு அது உதவும். வாங்க பஸ் காசு இல்லாதவனுக்கு இன்னும் உதவும். ‘நாளைக்கு எல்லாவனும் டிஸ்லெக்ஸியான்னு சர்ட்டிபிகேட்டோட வந்து நிப்பானுவ’ என்று பயப்படுகிறவர்களுக்கும் நிம்மதி, நெடுவினா மதிப்பெண்ணுக்காகச் சர்ட்டிபிகேட் தேடி யாரும் ஓட வேண்டியதே இருக்காது.

ஆனால் அந்த இரண்டு வரி வராது. வந்தால் ஒவ்வொரு தாளையும் வாசிக்கவேண்டி வரும். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு, மின்விசிறி சுற்றாத வகுப்பறை, பக்கத்தில் கூட்டல் சரிபார்க்கக் காத்திருக்கிற கூர்ந்தாய்வு அலுவலர், தலைக்கு மேல் முதன்மைத் தேர்வாளர். பிழையைப் பார்க்க ஒரு கண் போதும், கருத்தைப் பார்க்க உட்காரவேண்டும். அந்த நேரத்தையும் நியாயமான கூலியையும் கொடுக்காத துறை, ஆசிரியரின் சிவப்பு மையைக் குறை சொல்லாமல் இருப்பதில் ஆச்சரியமில்லை. அந்த மை இருவருக்கும் வசதி.

சரி, அம்மாவுக்கு ஒரு வழி பிறந்துவிட்டது. யாரோ விவரம் தெரிந்தவர் சொல்லி, பொதுத்தேர்வுச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று பள்ளிக்கு வந்தார். பள்ளி வழியாகத்தான் அரசுத் தேர்வுகள் துறைக்குப் போகவேண்டும். மருத்துவச் சான்று இணைக்கவேண்டும், அது இன்னும் வரவில்லை. தலைமையாசிரியர் பரிந்துரை வேண்டும், அவர் மீட்டிங். அலுவலகத்தில் இருந்தவர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, மகன் கைப்படவே ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதி வாங்கிவரச் சொன்னார். அவன் அன்றைக்கு ராத்திரியே எழுதினான். மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தார் அம்மா. வாங்கிப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

‘என்னம்மா இது, இவ்ளோ தப்பு இருக்கு? இத எப்படி மேல அனுப்ப? நல்லா எழுதத் தெரிஞ்ச யாரையாவது வச்சு எழுதிட்டு வாங்க.’